அலை ஓடும் வேகம், காற்று வீசும் வேகம்

ரயில்வே யார்டில் ஷன்ட்டிங் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. நின்றுகொண்டிருக்கும் நீளமான சரக்கு ரயிலை எஞ்சின் ஒரு முனையிலிருந்து மெல்லத் தள்ளும். முதல் வேகன் இரண்டாவதை முட்டும், இரண்டாவது மூன்றாவதை முட்டும். 'டங், டங், டங்' என்று அந்த இடி வரிசை நெடுக ஓடிப்போய்க் கடைசி வேகனில் முடியும். எஞ்சின் நகர்ந்தது என்னவோ ஆள் நடக்கும் வேகத்தில்தான். இடியோ கண் மூடித் திறப்பதற்குள் மறுமுனையை எட்டிவிடுகிறது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு வேகனும் 10 மீட்டர் நீளம், இரண்டு வேகன்களுக்கு நடுவே கப்ளிங் தளர்வு 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் வேகம் குறையாமல் நொடிக்கு 1 மீட்டர் தள்ளிக்கொண்டே வருகிறது. 10 சென்டிமீட்டர் இடைவெளி மூட 0.1 நொடி ஆகும். அந்த 0.1 நொடியில் இடி ஒரு வேகன் நீளத்தையும் ஓர் இடைவெளியையும் கடந்து 10.1 மீட்டர் முன்னேறியிருக்கும். அதாவது வேகன்கள் நகர்வது நொடிக்கு 1 மீட்டர். இடி ஓடுவது நொடிக்கு 101 மீட்டர். இரண்டும் ஒரே திசையில்தான் போகின்றன, ஆனால் இரண்டும் ஒரே வேகம் அல்ல.

நீளமான குழாய்க்குள் ஓடும் அதிர்ச்சி அலையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு காட்சி போதும். வேகன்களுக்குப் பதில் காற்று. இடிக்குப் பதில் அழுத்தம் திடீரென்று எகிறும் ஒரு மெல்லிய முகப்பு. அந்த முகப்பு குழாயின் குறுக்கே செங்குத்தாக, ஒரு சுவர்போல நின்றபடியே முன்னால் ஓடுகிறது. அது தொடாத காற்று அசையாமல் கிடக்கிறது. அது கடந்துபோன காற்று நெருக்கப்பட்டு, சூடேறி, அலை போன திசையிலேயே பாய்கிறது. பொறியாளர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு: முகப்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது? அதன் பின்னால் காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது?

சாதாரண ஒலியும் அழுத்த அலைதானே, அது ஏன் இப்படிச் சுவராக மாறுவதில்லை? பேச்சொலியில் அழுத்த மாற்றம் மிகச் சிறியது. பலமாகத் தள்ளும்போது கதை மாறுகிறது. முதலில் கிளம்பும் சிற்றலை தன் பின்னாலிருக்கும் காற்றைக் கொஞ்சம் சூடாக்கி, கொஞ்சம் முன்னே நகர்த்திவிட்டுப் போகிறது. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். ஆகவே அடுத்து வரும் சிற்றலை முன்னதைத் துரத்திப் பிடிக்கிறது, அதற்கடுத்தது அதையும் பிடிக்கிறது. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கடைசியில் ஒரே செங்குத்தான முகப்பாகிவிடுகின்றன. சாதாரணக் காற்றில் அந்த முகப்பின் தடிமன் தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதை முதன்முதலில் ஆய்வகக் குழாய்க்குள் உண்டாக்கி அளந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய். புகையற்ற வெடிமருந்தைக் கண்டுபிடித்த அதே வியேய்தான். 1899-ல் அவர் ஒரு நீண்ட குழாயைத் தடுப்பு ஒன்றால் இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் அழுத்தம் ஏற்றிய காற்று, மறுபக்கம் சாதாரணக் காற்று. தடுப்பு கிழிந்ததும் மறுபக்கத்தில் ஒலியை மிஞ்சும் வேகத்தில், நொடிக்குச் சுமார் 600 மீட்டரில், ஓர் அலை ஓடியது. இன்றுவரை உலகின் ஆய்வகங்களில் இருக்கும் அதிர்ச்சி அலைக் குழாய்களின் அடிப்படை அமைப்பு இதுவே.

குழாயின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். தடுப்பு பெரும்பாலும் ஒரு மெல்லிய அலுமினியத் தகடு. அதன் நடுவே கூட்டல் குறிபோல இரண்டு கீறல்கள் போட்டிருப்பார்கள். ஒரு பக்கம் அழுத்தம் ஏற ஏறத் தகடு வயிறு உப்புவதுபோல உப்பும். தாங்கும் எல்லையை எட்டியதும் கீறல் வழியே கிழிந்து, நான்கு இதழ்களாக விரிந்து, குழாயின் சுவரோடு மடிந்து ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்தபின் கழற்றிப் பார்த்தால் நான்கு இதழ்ப் பூப்போல இருக்கும். இதழ் ஒன்று சரியாக விரியாவிட்டாலோ, துண்டு ஒன்று பிய்ந்து போயிருந்தாலோ அன்றைய அளவீட்டை நம்ப முடியாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் கே.பி.ஜே. ரெட்டி உருவாக்கிய 'ரெட்டி குழாய்' இன்னும் எளியது. அதில் உலோகத் தகட்டுக்குப் பதில் காகிதம். அழுத்தம் ஏற்றுவது கையால், சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல ஒரு தண்டைத் தள்ளி.

இப்போது ஓர் அளவீட்டை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். குழாய்க்குள் சாதாரணக் காற்று, அழுத்தம் 100 கிலோபாஸ்கல், வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ். குழாயின் சுவரில் அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு அழுத்த உணரிகள் பதித்திருக்கிறார்கள். தடுப்பு கிழிகிறது. முதல் உணரியின் கோடு திரையில் செங்குத்தாக எழுகிறது. 720 மைக்ரோநொடி கழித்து இரண்டாவது உணரியின் கோடும் அதேபோல எழுகிறது. அரை மீட்டரை 0.00072 நொடியால் வகுத்தால் அலையின் வேகம் கிடைக்கும்: நொடிக்கு 694 மீட்டர். 27 டிகிரியில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 347 மீட்டர். ஆகவே அலை ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியிருக்கிறது. இந்த மடங்கைத்தான் மாக் எண் என்கிறார்கள். இங்கே மாக் 2.

முதல் கேள்விக்கு விடை கிடைத்தது. அதற்குத் தேவைப்பட்டது ஒரு கடிகாரமும் ஓர் அளவுகோலும்தான். இரண்டாவது கேள்வி அவ்வளவு எளிதல்ல. ஓடும் காற்றுக்குள் காற்றாடியை நீட்ட முடியாது. எல்லாம் சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும். இங்கேதான் இயற்பியலாளர்கள் ஒரு சின்ன வழியைக் கையாளுகிறார்கள். குழாய்க்கு வெளியே நின்று பார்ப்பதை விட்டுவிட்டு, அலையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

ஓடும் பேருந்தில் இருப்பவருக்கு நிற்கும் மரங்கள் எதிரே ஓடி வருவதுபோலத் தெரியும். அதேபோல அலைமேல் இருப்பவருக்கு அசையாமல் கிடக்கும் காற்று நொடிக்கு 694 மீட்டர் வேகத்தில் எதிரே வந்து முகப்புக்குள் நுழைகிறது. நெருக்கப்பட்ட காற்று பின்பக்கமாக, குறைந்த வேகத்தில் வெளியேறுகிறது. முகப்பு மிக மெல்லியது. அதற்குள் காற்றைச் சேர்த்துவைக்க இடமில்லை. எனவே ஒரு நொடியில் எவ்வளவு நிறை உள்ளே போகிறதோ அவ்வளவும் வெளியே வந்தாக வேண்டும். காற்று எத்தனை மடங்கு அடர்த்தியானதோ, அத்தனை மடங்கு மெதுவாக வெளியேறினால்தான் கணக்கு சரியாகும்.

எத்தனை மடங்கு அடர்த்தியாகிறது என்பதை ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கினும் பிரெஞ்சுக்காரர் யூகோனியோவும் 19-ஆம் நூற்றாண்டிலேயே வகுத்துக் கொடுத்துவிட்டார்கள். நிறை, உந்தம், ஆற்றல் ஆகிய மூன்றும் முகப்பைத் தாண்டும்போது வீணாகக் கூடாது என்ற மூன்று நிபந்தனைகளே அவர்களின் சமன்பாடுகள். அவற்றின்படி மாக் 2-ல் காற்றின் அடர்த்தி எட்டுக்கு மூன்று என்ற விகிதத்தில், அதாவது 2.67 மடங்காகிறது. அலைமேல் இருப்பவரின் பார்வையில் காற்று 694-ஐ 2.67-ஆல் வகுத்த வேகத்தில், நொடிக்கு 260 மீட்டரில், பின்னால் போகிறது.

இப்போது அலையிலிருந்து இறங்கி மீண்டும் தரையில் நிற்போம். அலை முன்னால் 694-ல் ஓடுகிறது; அதற்குப் பின்னுள்ள காற்று அலையைவிட 260 குறைவாக ஓடுகிறது. 694-லிருந்து 260-ஐக் கழித்தால் 434. அலைக்குப் பின்னால் நொடிக்கு 434 மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. இதை ஒரே வரியில் எழுதலாம். `W` அலையின் வேகம், `u` காற்றின் வேகம், `ρ₁`, `ρ₂` முன்னும் பின்னுமுள்ள அடர்த்திகள்:

`u = W (1 − ρ₁/ρ₂)`

யார்டில் பார்த்த வேகன்களுக்கும் இதே சூத்திரம்தான். 10.1 மீட்டருக்கு ஒன்றாக இருந்த வேகன்கள் முட்டியபின் 10 மீட்டருக்கு ஒன்றாக நெருங்குகின்றன. அந்த விகிதத்தை இதில் போட்டால் 101-க்கு 1 என்ற விடை அப்படியே வரும். மாக் 2 அலை என்பது 3 மீட்டர் வேகன்களுக்கு நடுவே 5 மீட்டர் காலி இடம் இருப்பதுபோல. இடைவெளி அவ்வளவு பெரியது என்பதால்தான் காற்றும் அலையின் வேகத்தில் எட்டில் ஐந்து பங்கு பிடித்துவிடுகிறது.

அடர்த்தியைத் தனியாகக் கண்டுபிடிக்காமல் மாக் எண்ணிலிருந்து நேரே விடைக்கு வரவும் வழியுண்டு. `a` ஒலியின் வேகம், `M` மாக் எண் என்றால், காற்றுக்கு:

`u = (a / 1.2) (M − 1/M)`

347-ஐ 1.2-ஆல் வகுத்து, 2-லிருந்து அரையைக் கழித்த 1.5-ஆல் பெருக்கினால் அதே 434. மாக் எண் 1 என்றால் அடைப்புக்குள் பூஜ்யம். வெறும் ஒலி காற்றை எங்கும் கொண்டுபோவதில்லை. அலை எவ்வளவு பலமானாலும் காற்று அதை எட்டிப்பிடிக்கவும் முடியாது. இந்தச் சமன்பாடுகளின்படி காற்றை ஒரே அதிர்ச்சியில் ஆறு மடங்குக்கு மேல் நெருக்க முடியாது. ஆகவே காற்றின் வேகம் அலையின் வேகத்தில் ஆறில் ஐந்து பங்கோடு நின்றுவிடும். மிக உயர்ந்த மாக் எண்களில் காற்றின் மூலக்கூறுகள் அதிர்ந்து, பிறகு உடையவே தொடங்கும். அப்போது 1.2 என்ற எண்ணும் ஆறு மடங்கு என்ற வரம்பும் செல்லாது.

விடை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதே உணரி அழுத்தத்தையும் சொல்கிறதே, அதுதான் சாட்சி. காற்றுக்கான அழுத்தச் சூத்திரம் இது:

`p₂/p₁ = 1 + (7/6)(M² − 1)`

மாக் 2-க்கு விடை 4.5. அதாவது 100 கிலோபாஸ்கல் இருந்த இடத்தில் 450 இருக்க வேண்டும். திரையில் கோடு எழுந்த உயரத்தை அளந்தால் 350 என்று காட்டுகிறது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. இவ்வகை உணரி முழு அழுத்தத்தைக் காட்டாது. ஏற்கெனவே இருந்ததைவிட எவ்வளவு கூடியது என்பதை மட்டுமே காட்டும். 350-ஐ 100-ஆல் வகுத்து 3.5 மடங்கு என்று எடுத்துக்கொண்டால் மாக் எண் 1.77 ஆகவும், அலையின் வேகம் நொடிக்கு 615 மீட்டராகவும் வரும். கடிகாரமோ 694 என்கிறது. இப்படிக் கடிகாரமும் அழுத்தமும் முரண்பட்டால் முதலில் பார்க்க வேண்டியது, ஆரம்ப அழுத்தம் கூட்டப்பட்டதா என்பதை. 350-உடன் 100-ஐச் சேர்த்தால் 4.5 மடங்கு, மாக் 2. இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகின்றன.

உணரிகளை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். தடுப்புத் தகடு ஒரு கணத்தில் மாயமாகிவிடுவதில்லை. இதழ்கள் விரியச் சற்று நேரம் ஆகிறது. அதுவரை சிற்றலைகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கும், முகப்பு முழுதாக உருவாகியிருக்காது. தடுப்புக்கு மிக அருகே அளந்தால் கோடு செங்குத்தாக எழாமல் சாய்ந்து எழும். அந்தச் சாய்வே எச்சரிக்கை. மிகத் தொலைவில் அளந்தாலோ வேறு தொல்லை. குழாயின் சுவரை ஒட்டிய காற்று உராய்வால் தங்கிவிடுவதால் அலை போகப் போகத் தளர்கிறது. அதனால் இரண்டு உணரிகளோடு நிறுத்தாமல் மூன்று, நான்கு பதித்து, வேகம் எப்படிக் குறைகிறது என்பதையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

பலமான அலையைவிடப் பலவீனமான அலையில்தான் பிழை பெரிதாகும் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். மாக் 1.1 அலையை எடுத்துக்கொள்வோம். 27 டிகிரியில் அதன் வேகம் நொடிக்கு 382 மீட்டர். பின்னால் வீசும் காற்று நொடிக்கு 55 மீட்டர். இப்போது ஒருவர் அறையின் வெப்பநிலையைப் பார்க்காமல், பாடப்புத்தகத்தில் 20 டிகிரிக்குப் போட்டிருக்கும் 343-ஐ ஒலியின் வேகமாக எடுத்துக்கொள்கிறார். மாக் எண் 1.11 ஆகிறது, மாற்றம் அற்பம்தான். ஆனால் காற்றின் வேகம் 55-லிருந்து 61-க்குத் தாவிவிடுகிறது. ஒலியின் வேகத்தில் ஒரு சதவீதப் பிழை, காற்றின் வேகத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் பிழையாகிறது. காரணம் அடைப்புக்குள் இருக்கும் கழித்தல்: ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது சின்னப் பிசகும் பெரிதாகத் தெரியும். பலவீனமான அலைகளை அளப்பவருக்குக் கடிகாரம் எவ்வளவு முக்கியமோ, வெப்பமானியும் அவ்வளவு முக்கியம்.

அந்த நொடிக்கு 55 மீட்டரைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அது மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். அழுத்தம் கால் பங்கு மட்டுமே கூடிய ஒரு 'பலவீனமான' அலை, தன் பின்னால் பெரும்புயலின் காற்றை இழுத்துக்கொண்டு வருகிறது. குழாய் என்பது ஆய்வகத்தில் மட்டும் இருப்பதில்லை. சுரங்கத்தின் நீண்ட பாதையும் ஒரு குழாய்தான்.

1906 மார்ச் 10 அன்று வடக்குப் பிரான்ஸின் கூரியேர் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிப்பு நேர்ந்தது. 1,099 பேர் உயிரிழந்தார்கள். ஐரோப்பாவின் மிக மோசமான சுரங்க விபத்து அது. அத்தனை தொலைவுக்கு அது பரவக் காரணம் நிலக்கரித் தூசு. தரையில் படிந்து கிடக்கும் தூசு எளிதில் வெடிக்காது. காற்றில் கலந்து மிதந்தால் வெடிக்கும். அதை எழுப்பிவிடுவது தீயைத் தாண்டி முன்னே ஓடும் அழுத்த அலையும், அதன் பின்னால் வீசும் காற்றும்தான். தீ வந்து சேரும்போது அதற்கான எரிபொருள் காற்றில் தயாராக மிதந்துகொண்டிருக்கும். அந்தத் தூசு வெடித்ததும் அலைக்குப் புதுப் பலம் கிடைத்து, அடுத்த பாதையின் தூசும் எழும்பும்.

விபத்துக்குப் பிறகு பிரெஞ்சுப் பொறியாளர் தஃபனெல், சோதனைச் சுரங்கப் பாதையில் வேண்டுமென்றே தூசு வெடிப்புகளை உண்டாக்கி ஆராய்ந்தார். அதிலிருந்து பிறந்த தடுப்பு முறை வியக்கத்தக்க அளவுக்கு எளியது. சுரங்கப் பாதையின் கூரையருகே, குறுக்கும் மறுக்குமாகப் பலகைகளை அடுக்கி, அவற்றின்மேல் எரியாத கல்தூளைக் குவித்துவைப்பார்கள். பலகைகள் இறுகப் பொருத்தப்படுவதில்லை. பலமான காற்று பட்டால் கவிழும்படி விடப்படுகின்றன. தூரத்தில் வெடிப்பு நிகழ்ந்தால் முதலில் வருவது அலை, கூடவே காற்று. தீ பின்னால்தான் வரும். அந்தக் காற்று பலகைகளைக் கவிழ்த்து, கல்தூளைப் பாதை முழுக்க மேகம்போலப் பரப்பிவிடுகிறது. பின்னால் வரும் தீ அந்த மேகத்துக்குள் நுழைந்து வெப்பத்தை இழந்து அணைகிறது.

பலகையை எந்தக் காற்றுக்குக் கவிழும்படி வைப்பது என்பதில்தான் உயிர்களின் கணக்கு இருக்கிறது. அன்றாடக் காற்றோட்டத்துக்கே கவிழ்ந்தால் பயனில்லை. பலவீனமான வெடிப்பின் காற்றுக்குக் கவிழாமல் நின்றாலும் பயனில்லை. மெதுவாக வளரும் வெடிப்புகளே தடுப்புகளை ஏமாற்றின, ஏனெனில் அவற்றின் முன்னால் வீசும் காற்றுக்குப் பலகையைத் தள்ளும் பலம் போதாது. அதனால் தடுப்பைக் கனமான பலகைகளால் மட்டும் அமைக்காமல், சிறிய காற்றுக்கும் கவிழக்கூடிய இலேசான பலகைகளும் சேர்த்து வைக்கப்பட்டன. கல்தூளுக்குப் பதில் தண்ணீர்த் தொட்டிகளையும் பைகளையும் வைக்கும் முறை பின்னர் வந்தது. நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் அவை இன்றும் கூரையோரம் தொங்குகின்றன, அலைக்குப் பின்னால் வரும் காற்று தங்களைக் கவிழ்க்கும் என்ற ஒரே கணக்கை நம்பி.